1909 நமக்கு உரிய எண் அல்ல

வேண்டாத விளம்பர அழைப்புகள் பற்றி அடம்பன் பக்கத்துக் கைபேசிகளில் சுற்றும் ஆலோசனைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. 1909 என்ற எண்ணுக்கு START 0 என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டால் எல்லா விளம்பரமும் நின்றுவிடும் என்று காணொளிகள் சொல்கின்றன. இந்தியாவில் அது சரியான வழிதான். அங்கே அந்த எண்ணைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிகள் தாங்கி நிற்கின்றன. நம்முடைய சிம் இலங்கை நிறுவனத்தினுடையது. தலைமன்னார்க் கரையில் நிற்கும்போது கைபேசி சில வேளைகளில் இந்தியக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டாலும் நம் எண்ணுக்குப் பொறுப்பான நாடு மாறிவிடுவதில்லை. ஆகவே இங்கிருந்து 1909-க்கு அனுப்பும் செய்தியால் ஒரு விளம்பரமும் நிற்காது. அதற்கும் மேலான நட்டம், அனுப்பியவர் தன் வேலை முடிந்தது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவது.

இந்தக் காணொளிகள் இன்னொரு தவறான எண்ணத்தையும் விதைக்கின்றன. ஒழுங்குமுறை ஆணையம் நேரடியாகத் தலையிட்டு அழைப்பை நிறுத்தும் என்பதே அது. இந்தியாவிலேயே 1909-க்குப் போகும் முறைப்பாட்டை முதலில் ஏற்பது பயனாளரின் தொலைபேசி நிறுவனம்தான். டிராய் விதியை வகுக்கிறது, நிறுவனம் விசாரித்து நடவடிக்கை எடுக்கிறது. 2018-இல் வந்த விதிகளின்படி அழைப்பு வந்த 3 நாட்களுக்குள் முறையிட வேண்டியிருந்தது; 2025 பெப்ரவரியில் செய்த திருத்தம் அதை 7 நாட்களாக நீட்டியது. அந்த முறைப்பாட்டிலும் அனுப்பியவரின் எண் அல்லது பெயர், தேதி, செய்தியின் சாரம் ஆகியவை இருந்தால்தான் விசாரணை நகரும். இலங்கையிலும் வரிசை இதுவே. முதலில் நம் தொலைபேசி நிறுவனம். அங்கே தீராவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கச் சட்டத்தையும் 1996-இல் அதற்கு வந்த திருத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டு இயங்கும் அமைப்பு அது. நிறுவனங்களின் உரிமங்கள் அதன் மேற்பார்வையில் இருப்பதால்தான் அதன் சொல்லுக்கு நிறுவனத்திடம் மதிப்பு இருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அனுப்புநர் யார் என்பதைப் பொறுத்தது. இதைப் பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சில செய்திகள் நாம் ரீலோட் செய்யும் நிறுவனமே அனுப்புவன: டேட்டா பொதி, மெட்டு, ராசிபலன், கிரிக்கெட் ஓட்ட விவரம். சில, கடையோ நிதி நிறுவனமோ தொலைபேசி நிறுவனத்தின் மொத்தச் செய்திச் சேவை வழியாக அனுப்புவன. இவற்றில் அனுப்புநர் இடத்தில் எண் இராது, வணிகப் பெயர் இருக்கும். மூன்றாம் வகை, நம்முடையதைப் போன்ற சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் அழைப்பு. முதல் இரண்டிலும் அனுப்பியவர் யார் என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. பெயரைப் போட்டு அனுப்ப ஒருவர் அந்தச் சேவையைப் பெற்றிருக்க வேண்டும் அல்லவா? அதனால் இவ்விரண்டும் முறைப்பாட்டுக்கு எளிதில் அகப்படும். மூன்றாவது கடினம். அந்த எண்ணை இன்று தடுத்தால் நாளை வேறு எண்ணிலிருந்து அழைப்பார்கள். கைபேசியில் ‘ப்ளொக்’ செய்வதே போதும் என்ற நம்பிக்கை இங்கேதான் தோற்கிறது. அது நம் ஒரு கருவியின் வாயிலை மட்டும் அடைக்கிறது. அனுப்பியவரைப் பற்றி எவருக்கும் தெரிவிப்பதில்லை.

விளம்பரச் செய்திக்குப் பதில் அனுப்பவே கூடாது, அனுப்பினால் நம் எண் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது பரவலான எச்சரிக்கை. இதில் பாதி உண்மை உண்டு. பரிசு விழுந்ததாகவும் பொதி தபால் நிலையத்தில் கிடப்பதாகவும் சொல்லி இணைப்பை அழுத்தச் சொல்லும் செய்தி, அறியாத எண்ணிலிருந்து வந்தால், அதற்குப் பதிலும் அனுப்பக்கூடாது, அதிலுள்ள எதையும் அழுத்தக்கூடாது. வணிகப் பெயரில் வரும் செய்தியின் நிலை வேறு. அந்தப் பெயருக்கு நேரே பதில் எழுத முடியாது என்பதால், நிறுத்துவதற்கான சொல்லும் அதை அனுப்ப வேண்டிய குறுகிய எண்ணும் பெரும்பாலும் செய்தியின் வாலில் தரப்பட்டிருக்கும். அந்த எண் நம் தொலைபேசி நிறுவனத்தினுடையதுதானா என்று வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு உறுதிசெய்த பின் அதைப் பயன்படுத்தலாம். நிறுத்தும்படி கேட்டதற்கான தடம் நம் கைபேசியிலேயே பதிந்து நிற்பது பின்னால் பெரிய உதவி. கேட்ட பிறகும் செய்தி வந்தால், விருப்பமில்லை என்று சொன்னவருக்கே மீண்டும் அனுப்பினார்கள் என்பதைக் காட்டிவிடலாம்.

என் எண்ணை யாரோ விற்றுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டையும் நிதானமாக எடைபோட வேண்டும். நம் கைபேசி எண்களில் முதல் மூன்று இலக்கங்கள் வலையமைப்பைக் காட்டுகின்றன. மீதி ஏழு இலக்கங்களில் ஒரு கோடிச் சேர்க்கைகள் உண்டு. ஒரு கணினி அவற்றை வரிசையாகவோ குலுக்கலாகவோ அழைக்க முடியும். ஆகவே அழைப்பு வந்தது என்ற ஒன்றை வைத்து எண் கசிந்தது என்று முடிவுகட்ட முடியாது. பேசுபவர் நம் பெயரைச் சொல்கிறாரா, நாம் அண்மையில் அடகு வைத்ததையோ வாங்கிய பொருளையோ அறிந்திருக்கிறாரா என்பதே பார்க்க வேண்டிய அடையாளம். அப்படி அறிந்திருந்தால் எண்ணோடு சேர்த்து வேறு விவரமும் எங்கிருந்தோ போயிருக்கிறது. அப்போது முறைப்பாட்டில் அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள். “எண்ணை விற்றுவிட்டார்கள்” என்று எழுதினால் ஊகம் என்று ஒதுக்கிவிடலாம். அவர் சொன்ன சொல்லை அப்படி ஒதுக்க முடியாது.

ஒரு முறைப்பாட்டைக் கட்டிப் பார்ப்போம். கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் செய்யும் ஒருவருக்கு, கேளாத கடனைத் தருவதாகச் சொல்லும் செய்தி ஒரே பெயரிலிருந்து வாரத்துக்கு நான்கு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எரிச்சலில் செய்தியை அழிக்காமல் இருப்பது. தொடுதிரைக் கைபேசி என்றால் படம் பிடித்து வைக்கலாம். பொத்தான் கைபேசி என்றால் ஒரு கொப்பியில் நாள், நேரம், அனுப்புநர் பெயர், செய்தியின் சொற்கள் ஆகியவற்றைக் குறித்தால் போதும். அடுத்து நிறுவனத்தை அழைக்க வேண்டும்: டயலொக் என்றால் 1777, மொபிட்டெல் என்றால் 1717, ஹட்ச் என்றால் 1788. 075-இல் தொடங்கும் பழைய எயார்டெல் எண் வைத்திருப்போர் டயலொக்கிடம் போக வேண்டும், ஏனெனில் அவை இரண்டும் 2024-இல் இணைந்துவிட்டன. அழைப்பில் “விளம்பரம் வருகிறது” என்று பொதுவாகச் சொல்லாமல், “இந்தப் பெயரிலிருந்து இந்த நாட்களில் வந்த விளம்பரச் செய்திகளை என் எண்ணுக்கு நிறுத்துங்கள்” என்று கேட்க வேண்டும். பேசி முடிக்குமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இலக்கத்தை வாங்காமல் வைத்துவிடுவதுதான் மிகுதியாக நடக்கும் பிழை. இலக்கம் இல்லாவிட்டால், நிறுவனத்திடம் முறையிட்டோம் என்பதை ஆணைக்குழுவிடம் நிறுவ வழியில்லை. சிம் மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ பதிவாகியிருந்தால் அவர் பெயரிலேயே முறையிடுவது நல்லது; பதிவு வேறு ஒருவர் பெயரில் என்ற காரணத்தால் விசாரணை இழுபடும்.

நியாயமான ஒரு காலம் பொறுத்தும் செய்தி நிற்காவிட்டால் ஆணைக்குழு. அதன் அழைப்பு எண் 1900. இணையத்தில் www.trc.gov.lk வழியாகவும் முறையிடலாம். பணிப்பாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலும் அனுப்பலாம். அதில் நம் எண், நிறுவனம், அனுப்புநர் பெயர், நாட்களும் நேரங்களும், நிறுத்தும்படி கேட்ட நாள், நிறுவனம் தந்த முறைப்பாட்டு இலக்கம், நாம் கேட்கும் தீர்வு ஆகியவை இருந்தால் ஒரு பக்கம் தாராளம்.

அது கொழும்பு அலுவலகம், நம் தமிழ்க் கடிதத்தை யார் வாசிப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட கால அனுபவம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனாலும் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஓர் அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் மறுமொழி பெறவும் உரிமை தருகிறது. தமிழில் எழுதுங்கள், மறுமொழியைத் தமிழில் தருமாறு கடிதத்திலேயே கேளுங்கள். விளம்பரத்தைத் தடுத்தால் புயல், வெள்ள எச்சரிக்கையும் நின்றுவிடாதா என்பது இன்னொரு தயக்கம். 2025 நவம்பரில் டித்வா புயலைக் கண்ட கரையில் அந்தப் பயம் இயல்பானது. குறித்த ஒரு பெயரின் விளம்பரத்தை மட்டும் நிறுத்தக் கேட்டால் வேறு பெயர்களில் வரும் எச்சரிக்கையை அது தொடாது. எல்லாச் செய்திகளையும் நிறுத்தச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஆணைக்குழுவால் முடியாதவையும் உண்டு. வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வரும் விளம்பரம் நம் தொலைபேசி நிறுவனத்தின் செய்திச் சேவை வழியாக வருவதில்லை. அதை அந்தச் செயலியிலேயே முறையிட்டுத் தடுக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1900-ஐ அழைத்து நேரத்தைக் கழிக்காமல், முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், பிறகு பொலிசுக்குப் போங்கள். இணைய மோசடிக்கு இலங்கைக் கணினி அவசர ஆயத்த அணியின் 101 உண்டு. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக்கூடாது என்றும் இலவசமாக விலகும் வழியைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன, அதே ஆண்டு திருத்தமும் செய்யப்பட்டது. மக்கள் எண்ணைக் காக்கும் ஒரு பகுதியை இத்தனை ஆண்டு தள்ளிப்போட்டது தவறு என்றே சொல்வேன். அந்தப் பகுதிக்காகக் காத்திராமல், அடுத்த விளம்பரச் செய்தி வரும்போது அதை அழிக்காமல் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, உங்கள் நிறுவனத்திடம் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.