மஞ்சள் வீழ்படிவும் இரட்டை அடுக்குச் சூரிய மின்கலமும்

பத்தாம் வகுப்பு வேதியியலில் இரட்டைச் சிதைவு வினையைச் செய்து காட்டும்போது எல்லோரும் ரசிக்கும் ஒரு காட்சி உண்டு. நிறமற்ற லெட் நைட்ரேட் கரைசலில் நிறமற்ற பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றினால், பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு கிடைக்கிறது. அதுதான் லெட் அயோடைடு, PbI₂. இதே பொருள் இன்றைய சூரிய மின்கல ஆராய்ச்சியில் இரண்டு இடங்களில் வருகிறது. புதிய வகை மின்கலத்தைச் செய்யும்போது அது மூலப்பொருள். அந்த மின்கலம் கெட்டுப்போகும்போது மிஞ்சுவதும் அதுவே. இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

சிலிக்கானின் எல்லை

நம் பள்ளிக் கூரைகளில் இருக்கும் சூரியத் தகடுகள் பெரும்பாலும் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கான் ஒரு குறைக்கடத்தி. அதிலுள்ள எலக்ட்ரானை விடுவிக்கக் குறைந்தது 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. இதை ஆற்றல் இடைவெளி என்கிறோம். ஒளித்துகளின் ஆற்றலைக் கண்டுபிடிக்க எளிய வாய்பாடு ஒன்று உண்டு. 1240 என்ற எண்ணை நேனோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும்:

E = 1240 / λ

450 நேனோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2.76 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானுக்குத் தேவை 1.12 மட்டுமே. மீதியெல்லாம் வெப்பமாகிறது. ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்து இருபது ரூபாய்ப் பொருளை வாங்கிவிட்டு, சில்லறை வாங்காமல் வந்துவிடுவது போன்ற இழப்பு இது. இத்தகைய இழப்புகளால், தனிச் சிலிக்கான் மின்கலம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் விழும் ஒளி ஆற்றலில் 29 சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான் மின்சாரமாக்க முடியும். ஆய்வகங்கள் இந்த எல்லையை ஏற்கெனவே நெருங்கிவிட்டன.

மேலே இன்னோர் அடுக்கு

இதற்குத் தீர்வு, சிலிக்கானுக்கு மேலே கூடுதல் ஆற்றல் இடைவெளி கொண்ட மற்றொரு குறைக்கடத்தியை வைப்பது. அதற்குப் பொருத்தமானது பெரோவ்ஸ்கைட். 1839-இல் யூரல் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட கால்சியம் டைட்டனேட் என்ற கனிமத்தின் பெயர் இது. அதே படிக அமைப்புடைய எல்லாப் பொருள்களையும் இன்று இப்பெயரால் அழைக்கிறோம். மின்கலத்தில் பயன்படும் பெரோவ்ஸ்கைட்டில் கால்சியமோ டைட்டானியமோ இல்லை. நம் மஞ்சள் லெட் அயோடைடையும் மெத்தில் அமோனியம் அயோடைடு என்ற கரிம உப்பையும் ஒரு கரைப்பானில் கலந்து, கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பரப்பி, சுமார் 100 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் படலம் கருமையாகிறது. அதுவே CH₃NH₃PbI₃ என்ற பெரோவ்ஸ்கைட். சிலிக்கானை உருக்க 1414 டிகிரி வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் எளிமை புரியும். அரை மைக்ரான் தடிமனே ஒளியை உறிஞ்சப் போதுமானது.

இரட்டை அடுக்குக்கு மேலடுக்கின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.68 எலக்ட்ரான் வோல்ட் இருப்பது நல்லது. மேலே சொன்ன வாய்பாட்டின்படி இது 738 நேனோமீட்டருக்குச் சமம். அதைவிடக் குறைந்த அலைநீளமுள்ள நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளியைப் பெரோவ்ஸ்கைட் பிடித்துக்கொள்கிறது. அதைத் தாண்டிய அகச்சிவப்பு, மேலடுக்கைக் கடந்து கீழேயுள்ள சிலிக்கானுக்குப் போகிறது. ஆற்றல் மிகுந்த ஒளித்துகளைக் கூடுதல் மின்னழுத்தம் தரும் அடுக்கு எடுத்துக்கொள்வதால் வெப்பமாக வீணாவது குறைகிறது.

இதை எண்களில் பார்க்கலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியின் திறன் 100 மில்லிவாட் என்று கொள்வோம். கணக்கின் எளிமைக்காக எண்களை முழுமையாக்கியுள்ளேன்.

தனிச் சிலிக்கான்: 0.62 வோல்ட் × 40 மில்லி ஆம்பியர் = ஏறத்தாழ 25 மில்லிவாட். அதாவது 25 சதவீதம்.

இரட்டை அடுக்கு: மேலடுக்கு 1.0 வோல்ட், கீழடுக்கு 0.6 வோல்ட், சேர்த்து 1.6 வோல்ட். ஒளி இருவருக்கும் பங்கிடப்படுவதால் மின்னோட்டம் 19 மில்லி ஆம்பியர்தான். 1.6 × 19 = ஏறத்தாழ 30 மில்லிவாட். அதாவது 30 சதவீதம்.

மின்னோட்டம் பாதியாகக் குறைந்தும் மின்னழுத்தம் இரண்டரை மடங்கானதால் திறன் கூடுகிறது. 2024-இல் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஆய்வக மின்கலம் 34.6 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் விற்பனைக்கு அனுப்பிய முழு அளவுத் தகடுகளின் திறன் 24.5 சதவீதம். சிறு மின்கலத்துக்கும் பெரிய தகட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியை, செய்தித் தலைப்புகளைப் படிக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டும்.

சீரியல் செட் பாடம்

மேலே மின்னழுத்தங்களைக் கூட்டினோம், மின்னோட்டத்தைக் கூட்டவில்லை. காரணம், இரண்டு அடுக்குகளும் தொடரிணைப்பில் உள்ளன. திருவிழாவில் கட்டும் சீரியல் செட் விளக்குகளை மாணவர்களுக்கு நினைவூட்டலாம். தொடரிணைப்பில் எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். எந்த அடுக்கு குறைவாகத் தருகிறதோ, அதுவே முழு மின்கலத்தின் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது.

பெரோவ்ஸ்கைட் அடுக்கு நலிந்து 19-க்குப் பதில் 15 மில்லி ஆம்பியர் மட்டும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.6 × 15 = 24 மில்லிவாட். அடியிலுள்ள சிலிக்கான் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தும், தனியாக அது தந்திருக்கக்கூடிய 25-ஐ விடவும் இது குறைவு. நல்ல சிலிக்கானையும் மேலடுக்கு தன்னோடு கீழே இழுத்துவிடுகிறது. ஆயுள் பற்றிய கவலையின் மையம் இதுவே.

எங்கே கெடுகிறது?

2009-இல் ஜப்பானில் சுடோமு மியாசாகா குழுவினர் வெளியிட்ட முதல் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தின் திறன் 3.8 சதவீதம். உள்ளேயிருந்த திரவ மின்பகுளி பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்ததால் அது நெடுநேரம் தாங்கவில்லை. பின்னர் திண்ம அடுக்குகளுக்கு மாறியதும் திறன் வேகமாக உயர்ந்தது. ஆனால் பொருளின் இயல்பு மாறவில்லை. பெரோவ்ஸ்கைட் ஒரு வகை உப்பு. அதன் பலவீனங்களும் உப்பின் பலவீனங்களே.

முதலாவது, ஈரமும் வெப்பமும். நீர் புகுந்தால் கரிம உப்பு பிரிந்து வெளியேறுகிறது. மெத்தில் அமோனியம் கொண்ட பெரோவ்ஸ்கைட், ஈரமே இல்லாவிட்டாலும் 85 டிகிரியில் மெல்லச் சிதைகிறது. எஞ்சுவது லெட் அயோடைடு. கருமையான படலம் மஞ்சளாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈயச் சேர்மம் நீரில் ஓரளவு கரையும் என்பதால், உடைந்த தகட்டின் வழியே மழைநீர் புகுவதும் கவலைக்குரியது. இவற்றைத் தடுக்க, இரு கண்ணாடிகளுக்கு இடையே மின்கலத்தை வைத்து விளிம்பை பியூட்டைல் ரப்பரால் அடைக்கிறார்கள். மெத்தில் அமோனியத்துக்குப் பதிலாக எளிதில் ஆவியாகாத ஃபார்மமிடினியம், சீசியம் அயனிகளைச் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது பலவீனத்தை எந்த ரப்பராலும் அடைக்க முடியாது. ஆற்றல் இடைவெளியை 1.68-க்கு உயர்த்த, அயோடைடின் ஒரு பகுதியை நீக்கிப் புரோமைடு சேர்க்கிறார்கள். ஒளி பட்டால் இந்த இரு அயனிகளும் படிகத்துக்குள் நகர்ந்து, அயோடைடு மிகுந்த திட்டுகளாகவும் புரோமைடு மிகுந்த திட்டுகளாகவும் பிரியக்கூடும். 2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதை விளக்கினர். அயோடைடுத் திட்டுகளின் ஆற்றல் இடைவெளி குறைவு. மேட்டில் பெய்த மழை பள்ளத்தில் தேங்குவதுபோல எலக்ட்ரான்கள் அங்கே தேங்குகின்றன, மின்னழுத்தம் சரிகிறது. படலம் உமிழும் ஒளியின் நிறம் நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்வதை வைத்து இதைக் கண்டறிகிறார்கள். இருட்டில் வைத்தால் அயனிகள் மீண்டும் கலந்துவிடுகின்றன. அதனால், கோளாற்றைத் தேடும் நேரத்தில் அது மறைந்திருக்கலாம்.

சோதனையும் வெயிலும்

சூரியத் தகடுகளுக்கான பன்னாட்டுத் தரச் சோதனையில், தகட்டை 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைக்கிறார்கள். அடைப்பு சரியாக உள்ளதா என்பதை இது நன்றாகக் காட்டும். ஆனால் இச்சோதனை இருட்டறையில் நடக்கிறது. ஒளி பட்டால் மட்டும் நகரும் அயனிகளை இது காட்டாது. எனவே பெரோவ்ஸ்கைட்டுக்கு ஒளியும் வெப்பமும் சேர்ந்த நீண்ட சோதனையும், பகல் இரவுபோல ஒளியை மாற்றி மாற்றித் தரும் சோதனையும், திறந்தவெளியில் பல ஆண்டு அளவீடும் தேவைப்படுகின்றன. ‘1000 மணி நேரம் தாங்கியது’ என்ற செய்தியைக் கண்டால், எந்த வெப்பத்தில், ஒளியிலா இருட்டிலா என்று கேட்க மாணவர்களைப் பழக்கலாம். 1000 மணி நேரம் என்பது 42 நாள்கூட நிறையாது.

வகுப்பறைக்கு ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டர் சிலிக்கான் தகடு தொடக்கத்தில் 250 வாட் தருகிறது. ஆண்டுதோறும் தொடக்கத் திறனில் 0.5 சதவீதம் குறைகிறது. அதே அளவு இரட்டை அடுக்குத் தகடு 300 வாட் தருகிறது. 25 ஆண்டுகளில் எது அதிக மின்சாரம் தரும்?

சிலிக்கான் 25 ஆண்டு முடிவில் 218.75 வாட்டுக்கு இறங்கும். இந்தக் காலத்தின் சராசரி 234.4 வாட். இரட்டை அடுக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் குறைந்தால் 225 வாட்டுக்கு இறங்கும், சராசரி 262.5 வாட். அது வெல்கிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் குறைந்தால் 150 வாட்டுக்கு இறங்கும். சராசரி 225 வாட். அது தோற்கிறது. இரண்டும் சமமாகும் இடம் எது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். விடை ஆண்டுக்கு 1.75 சதவீதம்.

இரட்டை அடுக்கைச் செய்யக் கூடுதல் செலவு உண்டு என்பதால், நடைமுறையில் இழப்பு இதைவிடவும் குறைவாக இருந்தாக வேண்டும். தொடக்க நாளில் 300 வாட் தருமா என்ற கேள்விக்கு ஆய்வகங்கள் விடை சொல்லிவிட்டன. இருபத்தைந்தாம் ஆண்டில் அந்தக் கரும்படலம் மஞ்சளாகாமல் இருக்குமா என்பதற்கான விடை, வெயிலில் வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான் கிடைக்கும்.

அடுத்த முறை சோதனைக் குழாயில் மஞ்சள் வீழ்படிவைக் காட்டும்போது இந்தக் கணக்கையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். வீழ்படிவைத் தொட்டியில் கொட்டிவிட வேண்டாம். ஈயக் கழிவாகத் தனிக் குடுவையில் சேர்த்து வையுங்கள். அதைச் செய்யும்போதே, ஈயம் ஏன் மின்கலத்திலும் கவலைக்குரியது என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.