விலையைக் கூட்டுமுன் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்

பொருளின் விலையைக் கூட்டுவது கடினமான காரியமல்ல. பலகையில் பழைய இலக்கத்தை அழித்துப் புதியதை எழுதினால் முடிந்தது. மறுநாள் காலையிலும் அதே வாடிக்கையாளர் அதே கடைப்படியில் ஏற வேண்டுமே, அதுதான் கடினம். இது பற்றி வட்டக்கச்சியில் எனது பேக்கரியில் நடந்ததையே இவ்வாரம் எழுதுகிறேன்.

2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைத் தளர விட்டது. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் அம்மாத முடிவில் 300 ரூபாவை நெருங்கியது. கோதுமை இறக்குமதிப் பொருள். எனவே சில நாட்களிலேயே கோதுமை மா கிலோவுக்கு 35 ரூபா கூடியது. அதே வாரத்தில் பெற்றோல் லீற்றருக்கு 77 ரூபா கூடியது. பாணுக்கு 30 ரூபா கூட்டுவதென்ற பேச்சு நாடெங்கும் அடிபட்டது. நானும் கண்ணை மூடிக்கொண்டு 30 ரூபா கூட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்பவர்கள். "ஏன் நானா இவ்வளவு?" என்று கேட்டால் பதில் சொல்லக் கணக்கு வேண்டும். ஆகவே முதலில் கொப்பியை எடுத்தேன்.

முதலில் கணக்கு

50 கிலோ மா மூடை ஒன்றில் 450 கிராம் பாண் சுமார் 150 எனக்குக் கிடைக்கும். மூடைக்குக் கூடியது 1,750 ரூபா. அதை 150 ஆல் பிரித்தால் பாண் ஒன்றுக்கு 11 ரூபா 67 சதம். எனது ஓட்டோ ஒரு நாளைக்கு 4 லீற்றர் பெற்றோல் குடித்து 300 பாண் கொண்டு போகும். பெற்றோலில் கூடியது 308 ரூபா, அதாவது பாணுக்கு ஒரு ரூபா சொச்சம். ஈஸ்ட், மார்ஜரின், சீனி, பொலித்தீன் பை, விறகு எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாவுக்குச் சற்று மேல். மொத்தம் 18 ரூபா.

நான் கடைகளுக்கு 90 ரூபாவுக்குக் கொடுத்த பாணைக் கடைக்காரர் 100 ரூபாவுக்கு விற்றார். இனி நான் 108 ரூபாவுக்குக் கொடுக்க, அவர் 120 ரூபாவுக்கு விற்கலாம். அவருக்கும் இரண்டு ரூபா கூடுதலாகக் கிடைக்கும். எனவே விலையேற்றம் 20 ரூபா.

இக்கணக்கில் ஒரு பாடம் உண்டு. ஊரில் எல்லோரும் பெற்றோலைத்தான் குறை கூறினார்கள். நானும் "பெற்றோல் ஏறிவிட்டது" என்று எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் பங்கு ஒரு ரூபாதான். பொய்க் காரணம் சொன்னவர், பெற்றோல் இறங்கும் நாளில் விலையைக் குறைக்கும்படி கேட்கப்படுவார். அப்போது அவரிடம் பதில் இருக்காது.

நிறையைக் குறைக்காதீர்கள்

"விலையைத் தொடாமல் மாவை 50 கிராம் குறையுங்கள், யாருக்குத் தெரியும்?" என்று எனக்கும் ஆலோசனை வந்தது. வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்குப் பாண் வெட்டும் தாய்க்குத் தெரியும். நேற்றுப் பத்துத் துண்டு வந்தது, இன்று ஒன்பதுதான் வருகிறது. அவர் சண்டைக்கு வரமாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். 2024 பெப்ரவரி முதல் வர்த்தமானி அறிவித்தல்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், குறைவது 13.5 கிராமைத் தாண்டக் கூடாது. அளவை நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டித்துக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பதை நம்மவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

திகதியை எப்படிக் குறிப்பது?

அன்று என்னிடம் பழைய விலைக்கு வாங்கிய மா ஆறு மூடை இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மூடை செலவாகும். ஆகவே மூன்று நாட்களுக்குப் பழைய விலை, நாலாம் நாளிலிருந்து புதிய விலை என்று தீர்மானித்தேன். இதில் இழப்பும் உண்டு. பழைய விலையில் விற்ற பணத்தில் புதிய மூடை வாங்க ஆறு மூடைக்கு 10,500 ரூபா கைக்காசு போட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் மா மீண்டும் ஏறியபோது என்னால் ஒரு நாள்தான் தவணை கொடுக்க முடிந்தது. முடிந்த அளவே கொடுங்கள், முதலைத் தின்று பெயர் வாங்க வேண்டாம்.

பாண் இரண்டு நாளில் கெட்டுவிடும், யாரும் பதுக்க மாட்டார்கள். சீனி, அரிசி விற்பவர் மூன்று நாள் முன்பே அறிவித்தால் ஒருவரே பத்து மூடை கேட்பார். அப்படிப்பட்ட பொருளுக்கு அறிவித்தலோடு, வழமையாக வாங்கும் அளவுதான் பழைய விலையில் தரப்படும் என்றும் சொல்லிவிட வேண்டும். விலை ஏறும்வரை இல்லையென்று ஒளிப்பதோ, விலையைக் காட்சிக்கு வைக்காமல் விடுவதோ 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றமாகும்.

யாரிடம் முதலில், எப்படி?

முதலில் என்னிடம் பாண் எடுக்கும் எட்டுக் கடைக்காரரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் வாங்குபவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டால் "எங்களுக்கென்ன தெரியும், பேக்கரிக்காரனைக் கேள்" என்பார்கள். பிறகு ஒவ்வொரு கடையிலும் இந்த மட்டையைத் தொங்கவிட்டேன்:

"அன்பான வாடிக்கையாளர்களுக்கு, கோதுமை மா கிலோவுக்கு 35 ரூபா கூடியுள்ளதால் வரும் திங்கட்கிழமை முதல் 450 கிராம் பாண் 120 ரூபா. ஞாயிறு வரை பழைய விலை 100 ரூபா. நிறை குறையாது. மா விலை இறங்கினால் பாண் விலையும் இறங்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பழைய விலை, புதிய விலை, திகதி, பிரதான காரணம் ஒன்று, மாறாதது எது, இவை மட்டுமே இதில் உள்ளன. நாட்டின் நிலை, அரசாங்கத்தின் குறை எதுவும் இல்லை. நீண்ட புலம்பல் எழுதினால் வாசிப்பவர் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

கடன் கொப்பி தனி விடயம். வன்னியில் பலர் அறுவடைக்குத்தான் கணக்குத் தீர்ப்பார்கள். திங்கட்கிழமைக்கு முன் எழுதிய பாண் அனைத்தும் 100 ரூபாவாகவே இருக்க, அதன் கீழே கோடிட்டுக் கூட்டி, அவரவருக்குக் காட்டி, புதிய பக்கம் தொடங்கினேன். பழைய கடனுக்குப் புதிய விலை போடுவதுதான் பலருடைய வாடிக்கையாளரைத் துரத்திய காரியம்.

திங்கட்கிழமை ஒரு அக்கா கடையில் நின்று கேட்டார்: "என்ன நானா, ஏழையள் பாண் சாப்பிடக் கூடாதோ?"

"இல்லை அக்கா, ஒரு மூடையிலை 1,750 ரூபா ஏறிப்போச்சு. பாண் நூற்றைம்பதுதான் வரும். நீங்களே பிரிச்சுப் பாருங்கோ" என்றேன். அவர் கணக்குப் பார்த்தாரோ தெரியாது. "அப்ப இனி அரைப் பாண்தான் எடுப்பன்" என்றார். அதுவும் நியாயம். அன்றிலிருந்து அரைப் பாணைக் கூடுதலாகப் போட்டேன். முதல் வாரம் விற்பனை 300 இலிருந்து 260 ஆகக் குறைந்தது. மூன்றாம் வாரம் 280 வரை வந்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

அவ்வருட இறுதியில் மா விலை இறங்கத் தொடங்கியபோது, யாரும் கேட்குமுன் விலையைக் குறைத்து அதே இடத்தில் மட்டை தொங்கவிட்டேன். அந்த அக்கா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முழுப் பாண் ஒன்று கேட்டார்.