பாதி ரொக்கம், மீதிக்கு ஒரு தேதி

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பருப்புக் கடையில் 12 வருடம் கணக்கு எழுதினேன். புதிதாக மளிகைக் கடை வைத்தவர்கள் முதல் சரக்கு எடுக்க வருவார்கள். விலை பேசி முடிந்து பில் போடும் நேரத்தில், "அண்ணாச்சி, கொஞ்சம் கடனாக் குடுங்க. வித்ததும் தந்துடுறேன்" என்பார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே "முதல் சரக்கு ரொக்கத்துல எடுங்க, அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிடுவார். அவர்களில் பலர் நாணயமானவர்கள்தான். அவர்களைத் திருப்பி அனுப்பியது "வித்ததும்" என்ற அந்த ஒரு சொல். எப்போது விற்கும் என்பது கேட்டவருக்கே தெரியவில்லை என்றால், மொத்த வியாபாரி எதை நம்பிச் சரக்கை ஏற்றிவிடுவார்?

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். பருப்பு, உளுந்து, சீனி எல்லாம் சேர்த்து முதல் பில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சரக்கு உங்கள் கடையில் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்கு விற்கிறது. 21 நாளில் மூட்டை காலி, வரவு 42,000. பருப்பில் லாபம் அவ்வளவுதான் நிற்கும். ஆனால் அந்த 2,000 முழுதும் கல்லாவுக்கு வராது. மாதக் கணக்கு வைத்திருக்கும் வீடுகள் தினம் 500 ரூபாய்க்கு நோட்டில் எழுதி வாங்கிப் போகும். சம்பளம் வந்த பிறகு, 5ஆம் தேதிக்கு மேல்தான் கணக்கை முடிக்கும். எனவே கையில் விழுவது தினம் 1,500.

இப்போது 40,000-த்தையும் கடனாகக் கேட்டால் என்ன ஆகும்? அதை அடைக்க 27 நாள் வேண்டும். ஆனால் சரக்கு 21 நாளில் தீர்ந்துவிடும். முதல் பாக்கி நிற்கும்போதே இரண்டாவது சரக்கு கேட்டு நிற்பீர்கள். மொத்தக் கடைக்காரர் பயப்படுவது இந்த இடத்தைத்தான். பாதியை ரொக்கமாகக் கொடுத்து 20,000 மட்டும் கடன் வைத்தால் 14 நாளில் அந்தத் தொகை கையில் சேர்ந்துவிடும். கூட நாலு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும், கடை அடைப்பு வரும், வீட்டில் ஒரு விசேஷம் வரும்.

சரக்கு எடுக்கும் நாளையும் இதே கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். 17ஆம் தேதி எடுத்தால் கெடு அடுத்த மாதம் 5. அதற்குள் கல்லாவில் 27,000 சேர்ந்திருக்கும், பாக்கியைக் கொடுத்துவிடலாம். 8ஆம் தேதி சரக்கு தீரும்போது கையில் 11,500 இருக்கும். நோட்டுக் கணக்கு 10,500 அந்த வாரத்தில் வந்து சேரும். அடுத்த பில்லுக்குப் பாதி ரொக்கம் தயார். அதே சரக்கை 1ஆம் தேதி எடுத்திருந்தால் நோட்டுப் பணம் வருமுன் சரக்கு தீர்ந்து, இரண்டு வாரம் போல மூட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இந்தப் பணத்தில் வாடகை, கரண்ட் பில் எடுக்கக் கூடாது; அவற்றை மற்ற சரக்கின் லாபம் தாங்க வேண்டும்.

கேட்கும் முன் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல மொத்தக் கடைகளில் ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. "ரொக்கம்னா எவ்வளவு குறையும்?" என்று முதலில் கேளுங்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால், நீங்கள் கடன் வைக்கும் 20,000-க்கு 400 ரூபாய் கூடுதல். உங்கள் மொத்த லாபமே 2,000. வீட்டு நகையை வைத்து மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் எடுத்தால் அதே 18 நாளுக்கு 120 ரூபாய்தான் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் கடன் கேட்காமல் ரொக்கமாக வாங்குவதே சரி. விலையில் வித்தியாசம் இல்லை, அல்லது சொற்பம் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

காலை 10 மணிக்கு லோடு ஏறும் நேரத்தில் கேட்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து, முதலாளி பில்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் நல்லது. சேல்ஸ்மேனிடம் பேசிப் பயனில்லை. கடன் கொடுப்பது அவர் கையில் இல்லை. இப்படிச் சொல்லலாம்: "அண்ணாச்சி, 40,000-க்குச் சரக்கு எடுக்கிறேன். 20,000 இப்பவே ஜிபேல போட்டுடுறேன். மீதியை வர்ற 5ஆம் தேதி சாயங்காலத்துக்குள்ள தந்துடுறேன். எண்ணெய் இன்னார் கடையில எடுக்கிறேன், நீங்க போன் போட்டு விசாரிச்சுக்கிடலாம்." விசாரிக்கச் சொல்லாவிட்டாலும் விசாரிப்பார். ஜிஎஸ்டி எண் இருந்தால் அந்தத் தளத்தில் போட்டு, எப்போது பதிவானது, ரிட்டர்ன் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார். லோடுமேனிடம் கூட, "அந்தக் கடை எப்படி ஓடுது?" என்று கேட்பார்.

சரி என்று சொன்னால், பெரும்பாலும் ஒரு செக் கேட்பார். கொடுக்கலாம், ஆனால் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுக்காதீர்கள். 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்டுத் தானாகவே கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் கருதும் என்று சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். 20,000 என்று எழுத்திலும் எண்ணிலும் நிரப்பி, 5ஆம் தேதி போட்டு, மேலே இரட்டைக் கோடு இழுத்து, செக் எண்ணைப் பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதச் சொல்லுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால் நோட்டீஸ் வரும். வந்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் 138ஆம் பிரிவில் வழக்கு.

ஒரு எச்சரிக்கை. கடன் சரக்கு என்றால் கடை மூலையில் கிடக்கும் பழைய மூட்டை வண்டியில் ஏறிவிடுவது உண்டு. உங்கள் மூட்டைகளை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாய்ப்பக்கம் மட்டும் பார்க்காமல், குத்தூசியை நடுமூட்டையில் செருகி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் கொட்டிய பருப்பில் மாவு போலத் தூள் ஒட்டினாலோ, பொட்டு ஓட்டை தெரிந்தாலோ வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே மாற்றச் சொல்லுங்கள். 5ஆம் தேதி பணம் கொடுக்கும்போது, "மூட்டை சரியில்லை, கழிச்சுக்குங்க" என்றால், பணம் கொடுக்க மனமில்லாமல் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். "மூணு பில் ரொக்கத்துல எடுக்கிறேன், நாலாவதுக்குப் பாதி விடுவீங்களா?" என்று கேட்டு வையுங்கள். ஒப்புக்கொண்டால் அந்த நாலாவது பில் அன்று நீங்களே நினைவுபடுத்துங்கள்.

கெடுவுக்குப் பணம் சேராது என்றால் அது 3ஆம் தேதியே தெரிந்துவிடும். அன்றே போன் செய்து, இருப்பதில் 12,000-த்தை அனுப்பிவிட்டு, மீதிக்கு இன்னொரு தேதி சொல்லி, 5ஆம் தேதி செக்கைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி பேரேட்டில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். கெடு தப்பியவர்கள் என்று நான் ஆரம்பத்தில் நினைத்தேன். கெடுவுக்கு முன்னாடியே போன் செய்து சொன்னவர்களுக்கு வைத்த புள்ளி அது. அடுத்த முறை அவர்கள் கேட்டால், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போட்டுக் குடு" என்பார்.

பணம் முழுதும் கொடுத்து முடித்ததும் செக்கைத் திருப்பி வாங்கி, பில்லில் "வரவு, பாக்கி இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சரக்குக்கான பட்டியலை அந்த நேரத்திலேயே நீட்டலாம்.