ஒரு சர்வரில் 6 மெஷின்கள்: ஹைபர்வைசர் பற்றிய 4 நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் 8 கோர் கொண்ட ப்ராசஸரும் 64 ஜிபி ராமும் இருக்கின்றன. கோர் என்பது ப்ராசஸருக்குள் கணக்கிடும் பகுதி. 8 கோர் இருந்தால் ஒரே கணத்தில் 8 வேலைகள் நடக்கும். இந்த ஒரே பெட்டிக்குள் 6 விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்றில் அலுவலகத்தின் இணையதளம், இன்னொன்றில் மின்னஞ்சல், வேறொன்றில் கணக்கு மென்பொருள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் நிறுவப்பட்டிருக்கிறது. அது விண்டோஸோ லினக்ஸோ, முழுக் கம்ப்யூட்டரும் தனக்கே உரியது என்ற நினைப்பில்தான் ஓடுகிறது.

இவற்றுக்கெல்லாம் கீழே நின்று வன்பொருளைப் பங்கிடும் மென்பொருள்தான் ஹைபர்வைசர். நம் சர்வரில் இருப்பது கேவிஎம். 2007 முதல் லினக்ஸின் கெர்னலோடு சேர்ந்தே வருவது அது.

ஒவ்வொரு மெஷினுக்கும் 4 ப்ராசஸர், 8 ஜிபி ராம் என்று ஒதுக்கியிருக்கிறோம். கூட்டிப் பார்த்தால் ராம் 48 ஜிபி, இருப்புக்குள் அடங்குகிறது. ப்ராசஸரோ 24 ஆகிறது. இருப்பது 8 கோர்தான். இந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்று தெரியாததால்தான் கீழே வரும் நான்கு நம்பிக்கைகளும் பிறக்கின்றன.

நம்பிக்கை 1: ஹைபர்வைசர் சர்வரைத் துண்டுபோட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறது.

உண்மை: ப்ராசஸரைப் பொறுத்தவரை அது பங்கிடுவது நேரத்தை.

விர்ச்சுவல் மெஷினுக்குள் தெரியும் ப்ராசஸருக்கு வி-சிபியு என்று பெயர். வெளியே, சர்வரின் லினக்ஸில் நின்று பார்த்தால், ஒரு முழு விர்ச்சுவல் மெஷினும் `qemu-system-x86_64` என்ற பெயரில் ஓடும் சாதாரண நிரல்தான். அதன் ஒவ்வொரு வி-சிபியுவும் அந்த நிரலின் ஓர் இழை. உலாவிக்கும் பாட்டு நிரலுக்கும் முறைவைத்து நேரம் கொடுக்கும் அதே லினக்ஸ், இந்த இழைகளுக்கும் சில மில்லிநொடிகள் வீதம் கோரைக் கொடுத்து வாங்குகிறது. பங்காளிகள் ஒரே கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் இறைப்பது போன்ற ஏற்பாடு இது. முறை வந்தவருக்கு முழுக் கிணறும் கிடைக்கும், கிணறு பெருகாது.

24 வி-சிபியுக்களை 8 கோரில் ஓட்ட முடிவதற்குக் காரணம், சர்வர்கள் பெரும்பாலும் சும்மா இருப்பதே. யாராவது பக்கத்தைத் திறக்க வேண்டும், கடிதம் வர வேண்டும், அதுவரை காத்திருப்புதான். ஒவ்வொரு வி-சிபியுவும் சராசரியாக 15 சதவீத நேரம் மட்டும் உழைத்தால், 24-க்கும் சேர்த்துத் தேவைப்படுவது 3.6 கோர். 8-இல் பாதிகூட இல்லை.

சரி, ஒரு மெஷின் முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டு கோரை விடவே மறுத்தால்? விடுவதும் விடாததும் அதன் கையில் இல்லை. சர்வரின் கடிகாரம் அடிக்கடி ப்ராசஸரின் வேலையில் குறுக்கிடும். விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது அந்தக் குறுக்கீடு வந்தால், ப்ராசஸரே அதை அந்த இடத்தில் நிறுத்தி, அதன் நிலையைச் சேமித்து, கட்டுப்பாட்டை ஹைபர்வைசரிடம் ஒப்படைத்துவிடும். நிறுத்தப்பட்ட மெஷின் மறுபடி ஓடும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நம்பிக்கை 2: மெஷினின் ஒவ்வொரு கட்டளையையும் ஹைபர்வைசர் மொழிபெயர்க்கிறது. அதனால் விர்ச்சுவல் மெஷின் என்றாலே மந்தம்.

உண்மை: இன்று பெரும்பாலான கட்டளைகள் ஹைபர்வைசரின் கைபடாமல் நேராக ப்ராசஸரில் ஓடுகின்றன.

இரண்டு எண்களைக் கூட்டுவதற்கோ, ஒரு பட்டியலை வரிசைப்படுத்துவதற்கோ யாருடைய அனுமதியும் வேண்டாம். சிக்கல், கம்ப்யூட்டர் முழுவதையும் ஆளும் கட்டளைகளில்தான் இருக்கிறது. வன்பொருளின் அமைப்பை மாற்றுவது, ஒரு சாதனத்தை இயக்குவது போன்றவற்றை ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டுமே செய்யலாம். இங்கே 6 ஆபரேட்டிங் சிஸ்டங்கள் ஒவ்வொன்றும் தானே ஆள்வதாக நினைத்துக்கொண்டு அந்தக் கட்டளைகளைப் போடுகின்றன.

சாதாரண பிசி வகை ப்ராசஸர்கள் இந்த நிலைமைக்காக உருவானவை அல்ல. அதிகாரமில்லாத நிரல் அப்படிப்பட்ட சில கட்டளைகளைப் போட்டால், அவை பிழை காட்டாமல் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஹைபர்வைசருக்குத் தகவலே வராது. அதனால்தான் 1999-இல் விஎம்வேர் நிறுவனம், உள்ளே ஓடும் கெர்னலின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் வழியைக் கையாண்டது. 2003-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ஜென் ஹைபர்வைசர், கெர்னலையே முன்கூட்டித் திருத்திக்கொள்ளச் சொன்னது. மொழிபெயர்ப்பு என்ற நம்பிக்கை வெறும் கற்பனை இல்லை. அந்தக் காலத்தின் மிச்சம்.

2005-இல் இன்டெலும், 2006-இல் ஏஎம்டியும் ப்ராசஸருக்குள்ளேயே இதற்கென ஒரு தனி இயக்க நிலையைச் சேர்த்தன. அந்த நிலையில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் தன் அதிகாரத்தோடு வழக்கம்போல் ஓடலாம். ஆனால் ஹைபர்வைசர் குறித்துவைத்த ஆபத்தான கட்டளை ஒன்று வந்தவுடன் ப்ராசஸர் அதை நிறுத்தி ஹைபர்வைசரிடம் திரும்பிவிடும். ஹைபர்வைசர் அந்த வேலையைப் பாதுகாப்பாகத் தானே செய்துமுடித்து, மெஷினை மீண்டும் ஓடவிடும். செலவு இந்தப் போக்குவரத்தில்தான். எனவே கணக்கீடு மட்டும் செய்யும் நிரல் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். வட்டையும் நெட்வொர்க்கையும் ஓயாமல் தொடும் நிரலில்தான் இழப்பு தெரியும்.

உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் இந்த வசதி கைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி போதும்:

```
ls /dev/kvm
```

அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தால், பெரும்பாலும் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் வெறும் கியூஎமு நிரலைக் கொண்டு மெஷினை ஓட்டினால், அது கட்டளைகளை உண்மையிலேயே மொழிபெயர்த்துத்தான் ஓட்டும். மந்தமும் உடனே தெரியும்.

நம்பிக்கை 3: மெஷின் மெதுவாக இருந்தால் வி-சிபியுவைக் கூட்டினால் போதும்.

உண்மை: காத்திருப்பினால் வரும் மந்தத்தை அது போக்காது; சில நேரம் கூட்டும்.

நம் சர்வருக்கே வருவோம். மாதக் கடைசி. கணக்கு மென்பொருள் அறிக்கை தயாரிக்கிறது, இணையதளத்தில் கூட்டம், மற்ற மெஷின்களிலும் காப்புநகல் எடுக்கும் வேலை அதே மணிக்குத் தொடங்குகிறது. 24 வி-சிபியுக்களும் ஒரே நேரத்தில் கோர் கேட்கின்றன. இருப்பது 8, ஆகவே ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம். இப்போது ஏதாவது ஒரு லினக்ஸ் மெஷினுக்குள் நுழைந்து `top` என்று தட்டினால் இப்படி ஒரு வரி தெரியும்:

```
%Cpu(s): 31.2 us,  2.1 sy,  0.0 ni,  0.4 id,  0.0 wa,  0.0 hi,  0.1 si, 66.2 st
```

கடைசியில் உள்ள `st` என்பதுதான் நமக்கு வேண்டிய எண். வேலை கையில் இருந்தும், ஹைபர்வைசர் கோர் கொடுக்காததால் காத்துக்கிடந்த நேரம் அது. 66.2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் வரிசையில் நின்றே போயிருக்கிறது. எப்போதாவது 1, 2 சதவீதம் தலைகாட்டுவது பெரிதில்லை. மணிக்கணக்கில் 10-ஐத் தாண்டி நின்றால் சர்வரில் நெருக்கடி என்று பொருள்.

இந்த நேரத்தில் கணக்கு மெஷினின் வி-சிபியுவை 4-இலிருந்து 8 ஆக்கினால் வரிசையில் நிற்போர் 28 ஆகிறார்கள். கோர் அதே 8. அந்த மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலும், அது மற்ற ஐந்திடமிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். இன்னொரு கேடும் உண்டு. ஒரே மெஷினின் 8 வி-சிபியுக்கள் பொதுத் தரவு ஒன்றைப் பூட்டுப் போட்டு மாறிமாறிப் பயன்படுத்துகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை வைத்திருக்கும் வி-சிபியுவிடமிருந்து கோர் பறிக்கப்பட்டுவிட்டால், மற்றவை கோர் கிடைத்தும் வேலை செய்ய முடியாமல் பூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். கிடைத்த நேரமும் வீண்.

`st` பூஜ்யத்தை ஒட்டி இருந்து, `us` மட்டும் எப்போதும் 100-ஐத் தொட்டால் கதை வேறு. அந்த மெஷினுக்குத் தந்த வி-சிபியு உண்மையிலேயே போதவில்லை, அப்போது கூட்டலாம். `st` உயர்ந்திருந்தால் காப்புநகல்களை வெவ்வேறு மணிக்கு மாற்ற வேண்டும், அல்லது ஒரு மெஷினை வேறு சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம்பிக்கை 4: ப்ராசஸரைப் போலவே ராமையும் இருப்பதைவிடக் கூடுதலாகப் பங்கிடலாம்.

உண்மை: ஒதுக்கலாம், ஆனால் தாங்காது.

கோரை ஒரு மில்லிநொடியில் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ராமில் இருக்கும் தரவு அங்கேயே இருந்தாக வேண்டும். அடுத்தவருக்கு இடம் விட வேண்டுமானால் அதை வட்டில் எழுதிவைக்க வேண்டும். வட்டோ ராமைவிடப் பல மடங்கு மெதுவானது.

ராமை ஹைபர்வைசர் சிறுசிறு பக்கங்களாகக் கையாளுகிறது. ஒரு பக்கம் பொதுவாக 4 கேபி. ஒவ்வொரு மெஷினும் தன் ராம் முகவரி 0-விலிருந்து தொடங்குவதாகவே எண்ணும். அந்த முகவரி உண்மையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணை ஒன்றை ஒவ்வொரு மெஷினுக்கும் ஹைபர்வைசர் வைத்திருக்கிறது. ப்ராசஸர் அதைப் பார்த்தே செல்கிறது. அடுத்த மெஷினின் பக்கம் அந்த அட்டவணையிலேயே இல்லாததால், எட்டிப்பார்க்க வழியில்லை.

கேவிஎம் வழக்கமாக, மெஷின் ஒரு பக்கத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் உண்மையான ராமைக் கொடுக்கும். பிரச்சினை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இன்னும் 3 மெஷின்களைச் சேர்த்து, மொத்தம் 9 மெஷினுக்கு 72 ஜிபி என்று வாக்குக் கொடுத்தாலும் எல்லாம் தடையின்றித் தொடங்கும். முதல் நாள் ஒரு குறையும் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் காலி ராமை வீணாக விடாமல், படித்த கோப்புகளை அதில் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். நாள்பட நாள்படப் பக்கங்கள் எல்லாம் தொடப்பட்டுவிடும்.

பலூன் என்ற ஏற்பாடு ஓரளவு உதவும். மெஷினுக்குள் இருக்கும் ஒரு சிறு டிரைவர், ஹைபர்வைசர் கேட்கும்போது உள்ளே ராமைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தப் பக்கங்களை ஹைபர்வைசர் வேறு மெஷினுக்குக் கொடுக்கும். விட்டுக்கொடுக்க உள்ளே எதுவும் இல்லையென்றால் பலூனால் பயனில்லை. அதன் பிறகு சர்வரின் லினக்ஸ் பக்கங்களை வட்டுக்குத் தள்ளத் தொடங்கும். அதுவும் போதாதபோது, அதிக ராம் பிடித்திருக்கும் நிரலைத் தேடிக் கொல்லும். இந்தச் சர்வரில் அப்படிப்பட்ட நிரல் ஒரு முழு விர்ச்சுவல் மெஷின்தான். அதைப் பயன்படுத்துவோருக்கு மின்கம்பியைப் பிடுங்கியது போல எல்லாம் நின்றுபோகும்.

மெஷினுக்குள் தேடினால் காரணம் அகப்படாது. அங்கே ராமுக்குப் பஞ்சம் இருப்பதாகவே தெரியாது. ஆனாலும் எல்லாம் தவழும். சர்வரில் நின்று `vmstat 1` ஓட்டிப் பாருங்கள். `si`, `so` என்ற இரு பத்திகளிலும் எண்கள் விடாமல் ஓடினால் பக்கங்கள் வட்டுக்கும் ராமுக்கும் அலைகின்றன. மெஷின் ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால் `dmesg` பதிவில் `Out of memory` என்ற வரி இருக்கும்.

ஆகவே நம் சர்வரில் ஏழாவது மெஷினைச் சேர்க்கலாம்: ராம் 56 ஜிபி ஆகும், சர்வரின் சொந்த வேலைக்கு 8 ஜிபி மிஞ்சும். எட்டாவதைச் சேர்த்தால் மிச்சம் பூஜ்யம். அப்போது `st` எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதலில் வாங்க வேண்டியது ராம்.