மைசூர்ப் போர்கள்: நான்கு கேள்விகள், நான்கு விளக்கங்கள்



சென்ற வாரம் மைசூர்ப் போர்கள் பாடத்தில் நடந்த சிறு தேர்வில் நான் பத்துக்கு நான்கு மதிப்பெண் வாங்கியது உங்களுக்குத் தெரியும். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுகளை வண்டி நேரங்களைப் போல மனப்பாடம் செய்துவிட்டேன். எந்த வண்டி எங்கே போகிறது என்பதைப் பார்க்கவில்லை. திருத்திய தாளை வைத்துக்கொண்டு, நாம் வழக்கமாக எங்கே தடுமாறுகிறோமோ அங்கிருந்தே இந்தக் கேள்விகளை எழுதினேன். விடையைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

போர்கள் நான்கு: 1767–69, 1780–84, 1790–92, 1799. ஒவ்வொன்றின் முடிவிலும் “நிலம் கை மாறியதா?” என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

1. மங்களூர் உடன்படிக்கையைச் செய்துகொண்டவர் யார்?
(அ) ஹைதர் அலி (ஆ) திப்பு சுல்தான்

விடை: (ஆ). நான் ஹைதர் என்று எழுதினேன். இரண்டாம் போரைத் தொடங்கியவர் ஹைதர்தான். ஆனால் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1782 டிசம்பரில் அவர் காலமானார். மகன் திப்பு போரைத் தொடர்ந்து, 1784 மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை செய்தார். ஹைதர் செய்தது 1769இன் சென்னை உடன்படிக்கை. இரண்டிலும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே இந்த இரண்டு போர்களாலும் எல்லை பெரிதாக மாறவில்லை.

2. 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. பிறகும் போர் ஓராண்டு நீடித்தது ஏன்?
(அ) கும்பினிப் படை போரில் தோற்றது (ஆ) மாடுகளும் தீனியும் தீர்ந்தன

விடை: (ஆ). காரன்வாலிஸ் மார்ச் 7இல் பேட்டையையும், 21ஆம் தேதி இரவு கோட்டையையும் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டார். கோட்டைச் சுவரை உடைக்கும் பெரிய பீரங்கிகளை இழுத்தவை மாடுகள். வழியிலிருந்த புல்லையும் தானியத்தையும் திப்புவின் ஆட்கள் அழித்துவிட்டார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. மே 15இல் ஊருக்கு அருகே நடந்த சண்டையில் கும்பினிப் படை வென்றது. ஆனால் மாடுகள் செத்து விழுந்ததால் சிப்பாய்களே பீரங்கி இழுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பெரிய பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார்கள். வென்ற படை பின்வாங்கியதால்தான் நாம் இங்கே ஏமாறுகிறோம்.

அடுத்து அவர்கள் செய்ததை ரயில்வேக்காரன் உடனே புரிந்துகொள்வான். முதலில் பாதையைச் சரிசெய்தார்கள். நந்தி மலை, சாவனதுர்கா ஆகிய கோட்டைகளை அந்த ஆண்டின் இறுதிக்குள் பிடித்து, பின்னாலிருந்து உணவு வரும் வழியைப் பத்திரப்படுத்தினார்கள். அதன் பிறகே 1792 பிப்ரவரியில் மீண்டும் தலைநகரைத் தாக்கினார்கள்.

3. 1792 உடன்படிக்கையில் கும்பினிக்குப் போனது எது?
(அ) பெங்களூர் (ஆ) பாராமகால் (இ) ஓசூர்

விடை: (ஆ). பலரும் பெங்களூர் என்று எழுதினோம். பிடித்த ஊரெல்லாம் பிடித்தவனுக்கே என்று நினைத்தோம். ஆனால் பெங்களூர் திப்புவிடமே திரும்பியது. அவர் தம் நாட்டில் சுமார் பாதியைக் கும்பினிக்கும், நிஜாமுக்கும், மராட்டியருக்கும் விட்டுக்கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் தர ஒப்புக்கொண்டு, இரண்டு சிறு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கும்பினியின் பங்கில் மலபார், திண்டுக்கல், பாராமகால் இருந்தன. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பகுதி. ஓசூர் 1799இல்தான் போனது.

என் பூர்வீகம் கிருஷ்ணகிரி. எங்கள் ஊர் சென்னை மாகாணத்தில் சேர்ந்ததற்கு அடிப்படை இந்த உடன்படிக்கைதான் என்பது இந்த வயதில்தான் எனக்கு விளங்கியது.

4. 1799இல் திப்பு இறந்தபின் பெங்களூர் யாரிடம் போனது?
(அ) கும்பினியிடம் (ஆ) மைசூர் உடையாரிடம்

விடை: (ஆ). மே 4இல் திப்பு போரில் வீழ்ந்தார். கோயம்புத்தூர், கனரா போன்ற பகுதிகளைக் கும்பினி எடுத்துக்கொண்டது. நடுவில் மிஞ்சிய மைசூரை உடையார் குலத்து ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜரிடம் ஒப்படைத்தது. பெங்களூர் அந்த மைசூரில் இருந்தது. “அப்படியானால் கண்டோன்மென்ட்?” என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டார். அது 1809இல் ஏற்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சல் தாங்காமல் கும்பினிப் படை இங்கே இடம் மாறியது. அந்தப் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறியவர்களில் தமிழர் ஏராளம்.

இனி கேள்வித்தாள் வந்தால் இந்த வரிசையை நினைவில் வையுங்கள்: முதல் இரண்டு போர்களில் நிலம் திரும்பியது, மூன்றாவதில் பாதி போனது, நான்காவதில் திப்புவின் அரசே முடிந்தது. அடுத்த ஞாயிறு மறுதேர்வில் சந்திப்போம்.