நோபிஸ் என்றால் எங்களுக்கு

அன்புள்ள தம்பி,

உன் நண்பனின் திருமணத் திருப்பலிக்கு நீ தயாரித்த பாடல் பட்டியலைப் பார்த்தேன். வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல் எல்லாம் பொருத்தமாக இருக்கின்றன. நற்கருணைக்குப் பிறகு ஒரு லத்தீன் பாடல் என்று போட்டு, ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் ‘பீயே யேசு’ என்று எழுதியிருக்கிறாய். அதைப் பாடாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாட்டின் மெட்டில் குறை ஏதுமில்லை. இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும்போது கேட்பவர் கண் கலங்கும். முப்பது வருடங்களுக்கு முன் நானும் அந்த மெட்டில் மயங்கி ஒரு கல்யாணத்தில் பாட வைத்தேன். திருப்பலி முடிந்ததும், லத்தீன் நன்றாகத் தெரிந்த ஒரு முதிய குருவானவர் என்னைச் சக்ரிஸ்திக்குள் அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. “பிள்ளைகள் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள், நீங்கள் செத்தவர்களுக்கு மன்றாடிவிட்டீர்களே” என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது 1985இல் வெளிவந்த ஒரு ரெக்வியத்தின் பகுதி. ரெக்வியம் என்ற சொல்லுக்கே இளைப்பாற்றி என்று பொருள். இறந்தோருக்கான திருப்பலிக்கு அது பெயராகிவிட்டது.

நீ எங்கே ஏமாந்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஏமாந்ததும் அங்கேதான். அந்தப் பாட்டில் ‘குயி தொல்லிஸ் பெக்காத்தா மூந்தி’ என்று வருகிறது. உலகின் பாவங்களைப் போக்குகிறவர் என்று பொருள். வாராவாரம் திருப்பலியில் நாம் சொல்லும் ‘ஆஞுஸ் தேயி’யில் உள்ள அதே சொற்கள். பழகிய சொற்கள் காதில் விழுந்ததும் இது திருப்பலிப் பாட்டுதான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அடுத்து வரும் சொல்லை யாரும் பார்ப்பதில்லை. திருப்பலியில் அங்கே வரவேண்டியது ‘நோபிஸ்’. இந்தப் பாட்டில் வருவதோ ‘ஏயிஸ்’. நோபிஸ் என்றால் எங்களுக்கு. ஏயிஸ் என்றால் அவர்களுக்கு. ‘தோனா ஏயிஸ் ரெக்வியெம்’ என்றால் அவர்களுக்கு இளைப்பாற்றி தாரும். அந்த ‘அவர்கள்’ இறந்துபோனவர்கள்.

ஆகவே, எந்த லத்தீன் தாள் கைக்கு வந்தாலும் முதலில் பென்சிலை எடுத்து ஏயிஸ், ரெக்வியெம் என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று தேடு. இருந்தால் அது அடக்கத்துக்கும் நினைவுத் திருப்பலிக்கும் உரியது. இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் அன்று நான் அந்தக் குருவானவர் முன் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

இப்போது ஆஞுஸ் தேயியையே சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுகிறேன். லத்தீனுக்கும் தமிழைப் போல வேற்றுமை உண்டு. சொல்லின் கடைசி எழுத்து மாறினால் உறவு மாறிவிடும். இங்கிலீஷ் வழியாக லத்தீன் படிப்பவர்கள் இதில் திணறுவார்கள். பள்ளியில் வேற்றுமை உருபு படித்த நமக்கு அது ஒன்றும் அந்நியமில்லை. ஆஞுஸ் என்றால் ஆட்டுக்குட்டி. தேயி என்றால் கடவுளுடைய, ஆறாம் வேற்றுமை. குயி தொல்லிஸ் என்றால் போக்குகிறவரே. பெக்காத்தா என்றால் பாவங்களை. மூந்தி என்றால் உலகத்தினுடைய, மறுபடி ஆறாம் வேற்றுமை. மிசெரேரே என்றால் இரங்கும். நோபிஸ் என்றால் எங்களுக்கு, நான்காம் வேற்றுமை. இரண்டு முறை இப்படிச் சொல்லிவிட்டு, கடைசி முறை மட்டும் ‘தோனா நோபிஸ் பாச்சேம்’ என்று முடிக்கிறோம். எங்களுக்கு அமைதியைத் தாரும்.

நோபிஸ் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். லத்தீனில் ‘நமக்கு’, ‘எங்களுக்கு’ இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். தமிழ்தான் இரண்டையும் பிரிக்கிறது. கடவுளை நோக்கிப் பேசும்போது அவரையும் சேர்த்து ‘நமக்கு’ என்று சொல்ல முடியாது, ‘எங்களுக்கு’ என்றுதான் சொல்லியாக வேண்டும். உன் குழுவில் யாராவது தாளின் ஓரத்தில் ‘நமக்கு’ என்று குறித்திருந்தால் திருத்திவிடு. யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பதே அந்த ஒரு சொல்லில் மாறிவிடுகிறது.

தமிழில் ‘பாவம் போக்கும் செம்மறி’ என்று சொல்லும்போது போக்குகிற செயல் முன்னால் வந்து, ஆட்டுக்குட்டி பின்னால் வருகிறது. லத்தீனில் ஆட்டுக்குட்டியை முதலில் கூப்பிட்டுவிட்டு, அவர் செய்வது என்ன என்று பிறகு சொல்கிறார்கள். இதனால்தான் நம் பிள்ளைகள் மூச்சைத் தவறான இடத்தில் விடுகிறார்கள். பெரும்பாலும் பெக்காத்தாவுக்குப் பிறகு மூச்சு எடுத்துவிட்டு மூந்தியைத் தனியாகப் பாடுவார்கள். ‘உலகத்தினுடைய’ என்று சொல்லிவிட்டு நிறுத்திப் பெருமூச்சு விட்டு ‘பாவங்களை’ என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது அது. தேயிக்குப் பிறகு ஒரு மூச்சு, மூந்திக்குப் பிறகு ஒரு மூச்சு. நடுவில் தாங்க முடியாத சிறுவர்கள் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது மாற்றி மாற்றி மூச்செடுக்கச் சொல், எல்லாரும் சேர்ந்து வெட்ட வேண்டாம்.

இந்தப் பாட்டு ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதும் பாடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். சிரியக் குடும்பத்தில் வந்த திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ், 687 முதல் 701 வரை பொறுப்பில் இருந்தவர், அப்பத்தைப் பிட்கும்போது குருக்களும் மக்களும் இதைப் பாட வேண்டும் என்று ஏற்படுத்தினார். பிட்கிற வேலை நீண்டால் பாட்டும் நீளலாம், மிசெரேரே நோபிஸை எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி முறை மட்டும் எப்போதும் பாச்சேமில்தான் முடிய வேண்டும். ஆகவே கீபோர்டு வாசிப்பவனின் கண் பீடத்தில் இருக்கட்டும். குருவானவர் இன்னும் பிட்டுக்கொண்டிருக்கும்போது பாட்டை முடித்துவிட்டு இடையிசை வாசிப்பதை நான் பல கோவில்களில் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லை.

உச்சரிப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாமே கெடுத்துக்கொள்கிறோம். திருச்சபை லத்தீன் இத்தாலியர்களின் வாயில் வளர்ந்தது. அதன் த ஒலி பல்லில் நாக்கு படும் ஒலி, நம் ‘தந்தை’யில் வருவது போல. நம் பிள்ளைகளோ இங்கிலீஷ் பாடகர்களின் பதிவைக் கேட்டுவிட்டு ‘டேய்’, ‘டோனா’ என்று நாக்கை மேலே மடிக்கிறார்கள். தேயி, தோனா என்று மெல்லப் பாடு. இரண்டின் முதல் எழுத்தும் ‘தெய்வம்’ என்று நாம் சொல்வது போல அதிர்ந்து வர வேண்டும். ஆஞுஸில் உள்ள ஞ நம் ஞாயிற்றின் ஞ. ‘அக்னஸ்’ என்று பாடுவது தவறு. அக்னஸ் என்பது பெண்ணின் பெயர், தூய்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு சொற்களும் ஒலியில் நெருங்கி இருந்ததால்தான் புனித அக்னஸின் படத்தில் ஒரு செம்மறிக்குட்டியை வரைந்தார்கள். பெக்காத்தாவில் க் இரட்டிக்கிறது, த் வல்லொலியாக வருகிறது; இரண்டையும் தமிழில் ஒற்றுப் போட்டு எழுதிக்கொடு. ‘பெகாதா’ என்று எழுதினால் பிள்ளைகள் மெலிந்த ஒலியில்தான் பாடுவார்கள், தவறு அவர்களுடையதல்ல.

குளோரியாவுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் நள்ளிரவில் இதை எப்படியும் பாடப் போகிறாய். குளோரியா என்றால் மாட்சி. ‘இன் எக்ஷெல்சிஸ்’ என்றால் உயரங்களிலே. ‘தேயோ’ என்றால் கடவுளுக்கு. முன்பு தேயி என்று வந்தது கடவுளுடைய, இப்போது தேயோ, கடவுளுக்கு. ஒரே ஒரு எழுத்து. வேகமாகப் பாடும் பிள்ளைகள் இங்கேயும் தேயி என்று பாடிவிடுவார்கள். அப்போது மாட்சி யாருக்கு என்பது போய், கடவுளுடைய மாட்சி என்று வேறு பொருளாகிவிடும். லூக்கா நற்செய்தியில் வானதூதர் இடையருக்குப் பாடியதுதான் இதன் முதல் வரி. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஞாயிறுகளில் இதைப் பாடுவதில்லை. அதனால்தான் கிறிஸ்துமஸ் இரவில் அது திரும்பி வரும்போது மணி அடிக்கிறது. நான்கு ஞாயிறுகளாகக் கேட்காத சொல் அது.

கீரியே லத்தீனே இல்லை, தம்பி. அது கிரேக்கம். ‘கீரியே எலேயிசோன்’ என்றால் ஆண்டவரே இரங்கும். கீரியோஸ் என்றால் ஆண்டவர். கூப்பிடும்போது கீரியே ஆகிறது, நம் விளி வேற்றுமை போலவே. கீ-ரி-யே என்று மூன்று அசை, எ-லே-யி-சோன் என்று நான்கு அசை. எலைசன் என்று மூன்றாகச் சுருக்காதே.

380களில் எகேரியா என்ற பெண் மேற்கிலிருந்து எருசலேமுக்குத் திருயாத்திரை போனார். மாலைச் செபத்தில் திருத்தொண்டர் ஒவ்வொருவருடைய பெயராகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் ஏராளமான சிறுவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் கீரியே எலேயிசோன் என்று பதில் சொன்னதை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்குப் புரிய வேண்டுமே என்று, ஆண்டவரே இரங்கும் என்பதுதான் அதன் பொருள் என்று லத்தீனில் விளக்கமும் சேர்த்தார். அன்றைக்கு ஒரு பெண் தன் சகோதரிகளுக்காகச் செய்ததை, உன் குழுவில் முன்வரிசையில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நீ செய். பாட்டுத்தாளில் ஒவ்வொரு லத்தீன் சொல்லுக்கும் கீழே தமிழை எழுதி, அச்செடுத்துக் கொடு. முழு வாக்கியமாக எழுதாதே, சொல்லுக்கு நேர் கீழே சொல்லாக எழுது. அப்போதுதான் எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எங்கே மூச்சுவிட வேண்டும் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

திருமணத்துக்கு லத்தீனில் ஒன்று வேண்டும் என்று மணமக்கள் ஆசைப்பட்டால், மூன்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிப் பாடும் பழைய ‘தோனா நோபிஸ் பாச்சேம்’ இருக்கிறது. மூன்றே சொற்கள்தான், இரண்டு ஒத்திகையில் ஏறிவிடும். எங்களுக்கு அமைதியைத் தாரும் என்று ஒரு புதுக் குடும்பத்துக்காகக் கேட்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ‘பீயே யேசு’வை நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எடுத்து வை, அன்று முழுக் குழுவும் பாடட்டும். மாற்றிய பட்டியலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பங்குத்தந்தையிடம் ஒரு முறை காட்டிவிடு.

அன்புடன்,
உன் பழைய பாட்டு ஆசிரியர்