அக்காவா, ஆலோசகரா?
சிறு சமூகத்தில் இரட்டை உறவு பற்றிய ஒரு பாடம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரம் பெருநகரமே. எனினும் அங்கு வாழும் தமிழர்களின் உலகம் சிறியது. மார்க்கெட் ஸ்திரீட்டில் மளிகை வாங்குவோர், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயத்தில் ஒருவரையொருவர் காண்கின்றனர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளிலும் அவர்களே எதிர்ப்படுகின்றனர். தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்போரும் அவர்களே. தோட்டத்து லயத்தில் வாழும் நம் வாசகர்களுக்கு இந்நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய சமூகத்தில் மனக்கவலைக்கு ஆலோசனை கூறுவதைத் தொழிலாகக் கொண்டவர் ஒரு சிக்கலை நாள்தோறும் எதிர்கொள்கிறார். தம்மை நாடி வருபவர் முன்பே அறிமுகமானவராக இருக்கிறார். உறவினரின் நண்பராகவோ, தம் பிள்ளையின் வகுப்புத் தோழியின் தாயாராகவோ இருக்கிறார். ஒருவரோடு தொழில் முறையிலும் வேறு முறையிலும் ஒரே காலத்தில் தொடர்பு கொண்டிருப்பதை ‘இரட்டை உறவு’ என்பர். அது ஏன் இடர் தருகிறது, அதை எவ்வாறு கையாள்வது என்பதே இப்பாடம்.

சட்டமும் நெறியும்

மலேசியாவில் ஆலோசகர் தொழிலை 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அச்சட்டத்தின்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்றவரே ஆலோசகர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளலாம். நெறி தவறியவர் மீது வாரியத்திடம் முறையிடவும் இயலும்.

இரட்டை உறவு அனைத்தையும் ஒரே கோலால் அளக்க இயலாது. சில உறவுகள் எங்கும், எக்காலத்தும் தகாதவை. நாடி வந்தவரோடு காதலோ உடலுறவோ கொள்வது அவற்றுள் முதன்மையானது. ஆலோசனை முடிந்த பின்னரும் இத்தடை நீங்குவதில்லை. அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் நெறிக்கோவை குறைந்தது 5 ஆண்டுகள் எனக் காலம் விதிக்கிறது. நாடி வந்தவரிடம் கடன் வாங்குவதும், தம் கீழ் வேலை செய்பவரைத் தாமே ஆலோசனைக்கு ஏற்பதும் தவிர்க்கப்பட வேண்டியவையே.

ஆனால் ஒரே ஆலயத்தில் வணங்குவதும் ஒரே கடையில் அரிசி வாங்குவதும் அத்தகையவை அல்ல. பல சமூகங்களில் வெளித்தொடர்பை அறவே தவிர்க்க முடியாது என்பதை அமெரிக்க உளவியல் சங்கம் தன் 1992ஆம் ஆண்டு நெறிக்கோவையிலேயே ஒப்புக்கொண்டது. ஆகவே, “இவரை எனக்குத் தெரியுமா?” என்பது சரியான கேள்வியன்று. “இந்தத் தொடர்பு என் தீர்ப்பை வளைக்குமா? அவருக்குத் தீங்கு தருமா?” என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு

இனி வருவது பாடத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட நிகழ்ச்சி. ஜார்ஜ்டவுனில் 42 வயதுடைய ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் 36 வயது மாது ஒருவர் வருகிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. கணவர் லோரி ஓட்டுநர். கணவரின் சூதாட்டத்தால் வீட்டில் பணமும் இல்லை, அமைதியும் இல்லை. அக்கணவரும் ஆலோசகரின் அண்ணனும் ஒரே ஆலய நிர்வாகக் குழுவில் உள்ளனர். இருவரின் மகள்களும் ஒரே வகுப்பில் படிக்கின்றனர்.

“அக்கா, உங்களை விட்டால் தமிழில் மனம் திறந்து பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?” என்கிறார் அம்மாது.

‘அக்கா’ என்னும் சொல்லிலேயே சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. அக்கா என்பவர் கண்டிக்கலாம். அவசரத்திற்குப் பணம் தரலாம். தம் கணவரை அனுப்பி மைத்துனருக்குப் புத்தி சொல்லச் செய்யலாம். ஆலோசகர் இவற்றுள் எதையும் செய்தல் ஆகாது. அச்சொல்லை மறுத்தால் வந்தவர் மனம் நோவார். வாய் மூடி ஏற்றால் அக்காவின் கடமைகளை எதிர்பார்ப்பார். எனவே ஆலோசகர் இவ்வாறு கூறுகிறார்: “நீங்கள் அக்கா என்றே அழைக்கலாம், அம்மா. ஆனால் அக்கா செய்யும் சில காரியங்களை நான் செய்ய முடியாது. அவை எவை என்பதை முதலில் பேசிக்கொள்வோம்.”

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

கதையைக் கேட்பதற்கு முன்னரே, முதல் சந்திப்பின் முதல் பகுதியிலேயே இந்தப் பேச்சு நிகழ வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்ட பின்னர், “உங்கள் கணவரை என் அண்ணன் அறிவார்” என்பது கொடுமை. ஆலோசகர் தமக்குத் தெரிந்த தொடர்புகளைச் சொல்கிறார். அம்மாது அறிந்த வேறு தொடர்புகளையும் கேட்டுக்கொள்கிறார்.

அடுத்து, வேறு வழி உண்டா என இருவரும் பார்க்கின்றனர். நகரில் வேறு ஆலோசகர் உண்டு. ஆனால் தமிழ் அறியாதவர். தமிழறிந்த இன்னொருவர் அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அங்கே சென்றுவர அரைநாள் வேண்டும். அந்த அரைநாளுக்குக் கணவரிடம் என்ன காரணம் சொல்வது? தொலைபேசியில் பேசலாம் என்றால், வீட்டுச் சுவருக்கு அப்பால் மாமியார் இருக்கிறார். வேறு ஒருவரிடம் அனுப்புதல் எளிய விடையெனத் தோன்றினும், சில வேளைகளில் அது உதவியை மறுப்பதற்கே ஒப்பாகும். இதைக் கருதியே ஆலோசகர் அவரை ஏற்கிறார்; ஆனால் நிபந்தனைகளோடு ஏற்கிறார்.

முதலில் 6 சந்திப்புகள். மூன்றாவது முடிந்ததும் இந்த ஏற்பாடு சரிவருகிறதா என்று இருவரும் பார்க்க வேண்டும். சந்திப்பு அலுவலகத்தில் மட்டுமே. ஆலய மண்டபத்திலோ பள்ளி வாசலிலோ இதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளியில் எதிர்ப்பட்டால் முதலில் வணக்கம் சொல்வதா வேண்டாமா என்பதை நாடி வந்தவரே தீர்மானிப்பார். ஏனெனில், என்ன பேசினார் என்பது மட்டுமன்று, ஆலோசனைக்கு வந்தார் என்பதே இரகசியம். உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் இரகசியம் காக்க இயலாது என்பதும் அப்போதே சொல்லப்படுகிறது.

இவையனைத்தையும், இரு குடும்பங்களின் தொடர்பு உட்பட, ஆலோசகர் குறிப்பேட்டில் எழுதுகிறார். தம் பணியை மேற்பார்வையிடும் மூத்த ஆலோசகரிடம் பெயர் கூறாமல் தெரிவிக்கிறார்.

நான்காம் வாரம்

மூன்று சந்திப்புகள் நன்றாகவே நடந்தன. நான்காவதற்கு முன்தினம் இரவு, அண்ணன் வீட்டில் உணவருந்தும்போது அவர் சொல்கிறார்: “நம் ஆலய வசூலில் 800 ரிங்கிட் குறைகிறது. அந்த லோரிக்காரர் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம்.”

ஆலோசகர் தேடிச் சென்று கேட்ட செய்தியன்று இது. தானாகக் காதில் விழுந்தது. ஆயினும் இனி அவர் முன் மூன்று சோதனைகள் நிற்கின்றன. அம்மாதை எச்சரிக்கலாமே என்பது ஒன்று. எச்சரித்தால் நிர்வாகக் குழுவின் பேச்சு வெளியாகும். மெய்யெனத் தெரியாத சந்தேகம் ஒரு குடும்பத்திற்குள் புகும். மறுநாள் சந்திப்பில் பணத்தைப் பற்றித் தூண்டித் துருவிக் கேட்கலாமே என்பது இரண்டாவது. அப்போது அவர் ஆலோசகராக இராமல் விசாரணை அதிகாரியாகிவிடுவார். அண்ணனிடம், “அவர் சூதாடுபவர்” என்று ஒரு சொல் சொல்லலாமே என்பது மூன்றாவது. ஆலய நலனுக்காகச் சொல்வதாகத் தோன்றினும், நம்பி வந்தவரின் இரகசியத்தை விற்பதே அது.

ஆலோசகர் மூன்றையும் தவிர்த்தார். “ஆலயக் கணக்குப் பேச்சை என் எதிரில் பேச வேண்டாம், அண்ணா” என்று மட்டும் சொன்னார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இன்று திடீரென அவ்வாறு சொன்னால், “ஏன்? அவர் வீட்டார் உன்னிடம் வருகிறார்களா?” என்ற ஐயம் எழும். ஆகவே சிறு சமூகத்தில் பணிபுரிபவர், எவரும் தம்மை நாடி வருவதற்கு முன்னரே, “பிறர் குடும்பக் கதை எதுவும் என்னிடம் வேண்டாம்” என்னும் வழக்கத்தைத் தம் வீட்டில் நிலைநாட்டிவிட வேண்டும். நம் ஆலோசகர் பல ஆண்டுகளாக அவ்வழக்கம் உடையவர், அண்ணனும் ஐயுறவில்லை.

கோணலை அறிவது எவ்வாறு?

மறுநாள் சந்திப்பு முடிந்ததும் குறிப்பேட்டை எழுத அமர்ந்தவர் ஒன்றைக் கண்டார். அம்மாது மூன்று முறை பணப்பேச்சை எடுத்தார். மூன்று முறையும் தாம் பேச்சை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார். ‘அறிந்ததைப் பயன்படுத்தக் கூடாது’ என்ற அச்சமே அவரைக் கேட்க வேண்டியதையும் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

இரட்டை உறவு கெடும்போது பெரும்பாலும் இவ்வாறு சிறியனவாகவே அறிகுறிகள் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வியைத் தவிர்த்தல், வழக்கத்திற்கு மாறாகச் சந்திப்பை நீட்டுதல், ஆலயத்தில் அவரைக் கண்டால் தூணுக்குப் பின் ஒதுங்குதல், குறிப்பேட்டில் ஒன்றை எழுதாமல் விடுதல் ஆகியவை அவற்றுட் சில. நோக்கம் நல்லதாக இருப்பதால் இவற்றைத் தாமே கண்டுகொள்வது அரிது. அதற்காகவே மேற்பார்வையாளர் தேவைப்படுகிறார்.

“அந்த 800 ரிங்கிட்டை மறந்துவிட்டு அவர் எதிரில் அமர உங்களால் முடியுமா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். “முடியாது” என்பதே நேர்மையான விடையாக இருந்தது.

ஐந்தாம் சந்திப்பில் ஆலோசகர் கூறினார்: “நம் குடும்பங்களுக்கு இடையிலுள்ள பழக்கம் இப்போது என் வேலைக்கு இடையூறாகிறது. குறை உங்களிடம் இல்லை.” காரணமான செய்தியை அவர் சொல்லவில்லை. அக்கரை ஆலோசகரிடம் அனுப்பும் கடிதத்தை அம்மாதின் சம்மதத்தோடு எழுதி, அனுப்புமுன் அவருக்கே படித்துக் காட்டினார். அங்கே செல்வதற்கு ஏற்ற நாளையும் நேரத்தையும் இருவரும் சேர்ந்தே தேடினர். தொழிற்சாலையின் வேலைமுறை மாறும் நாளில் அது கிடைத்தது. புதியவரைச் சந்தித்து வந்த பின், ஆறாவதும் இறுதியுமான சந்திப்பில் விடை பெற்றனர்.

முற்றும் தீராத கணக்கு

இதனால் எல்லாம் நலமாயிற்று எனக் கூறிவிட முடியாது. “அக்காவும் என்னைக் கைவிட்டார்” என்று அம்மாது நினைத்திருக்கக்கூடும். ஏதோ நடந்திருக்கிறது என ஊகித்திருக்கவும் கூடும். ஆலோசகரோ, வெள்ளிக்கிழமைதோறும் ஆலயத்தில் அவர் முகத்தைக் காண்கிறார். அவராக வணங்கினால் வணங்குகிறார். புதிய ஆலோசகரிடம் செல்கிறாரா என்று கேட்பதற்கு அவருக்கு உரிமையில்லை. சிறு சமூகத்தில் ஆலோசனைப் பணி முடிந்தாலும் உறவு முடிவதில்லை. அன்று கேட்ட இரகசியத்தை ஆயுள் முழுவதும் அதே மனிதர்களிடையே சுமந்து நடப்பது இப்பணியின் விலை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் தோட்டத்தில் ஒரு மண்டோரின் மனைவி ஆலோசனைப் பயிற்சி பெற்றவர் எனக் கொள்வோம். மண்டோரின் கீழ் பால் மரம் வெட்டும் தொழிலாளி அவரை நாடி வந்தால் ஏற்கலாமா? இங்கே அதிகாரம் யார் கையில் உள்ளது?

2. நாடி வந்தவர் தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வருகிறார். அதே கையால் தங்கக் காசும் கொண்டு வருகிறார். இரண்டுக்கும் ஒரே விடையா?

3. மேற்கண்ட நிகழ்ச்சியில், முதல் நாளே அம்மாதை அக்கரைக்கு அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? அவர் சென்றிருப்பாரா?

மூன்றாம் வினாவைக் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கலந்து பேசிப் பாருங்கள். ஒருமித்த விடை கிடைக்காது. கிடைக்காமைக்கு ஒவ்வொருவரும் கூறும் காரணத்தைக் கேட்டால், ஆலோசகர் எதை எடைபோட வேண்டியிருந்தது என்பது விளங்கும்.